பழைய மெஷினை மாற்றலாமா? வரிக்குப் பிந்தைய பணக்கணக்கும் தேய்மானமும், ஆறு நாளில் நான் இழந்ததும்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரி பாகங்கள் செய்கிற சின்னப் பட்டறை எங்களுடையது, நானும் மச்சானும் பங்குதாரர்கள். 2016-ல் 16 லட்சத்துக்கு வாங்கிய சி.என்.சி. லேத் ஒன்றை 2025-ல் மாற்றினோம். மாற்றலாமா வேண்டாமா என்று கணக்குப் போட உட்கார்ந்தபோது மூன்று முறை தப்பாகப் போட்டேன். நாலாவது முறை சரியாகப் போட்டு முடிவெடுத்த பிறகும் மெஷினை ஆறு நாள் தாமதமாக ஓட்டி, அந்த வருட வரியில் 1.36 லட்சம் கூடுதலாகக் கட்டினேன். புதிதாக இந்தக் கணக்குப் போடப் போகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வருவது இந்திய வருமான வரிக் கணக்கு, 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 1961-ஆம் வருடச் சட்டப்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்களை இங்கே தூக்கிப் பிடிக்கவில்லை. உங்கள் வருடத்துக்கான விகிதங்களை ஆடிட்டரிடம் ஒரு தடவை உறுதி செய்துகொண்டு மேலே போங்கள்.

## 1. கணக்குக்கு முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கொட்டேஷனை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பிக்காதீர்கள், நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆடிட்டரிடம் போய் போன வருட வருமான வரித் தேய்மானப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் மெஷின்கள் தனித்தனியாக இருக்காது. 15% விகிதத்தில் வருகிற எல்லா மெஷினும் 'பிளாக்' என்ற ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, அதற்கு ஒரே ஒரு மிச்ச மதிப்பு எழுதியிருக்கும். இந்த ஒரு வரிதான் கணக்கின் பாதி.

அப்புறம் பழைய மெஷினுக்கு விலை சொன்னவரிடம் எழுத்தில் ஒரு தாள். வாயால் சொன்ன விலை மெஷினைத் தூக்கும் நாளில் இறங்கிவிடும். புதிய மெஷினுக்கு சரக்குக் கூலி, கிரேன், பவுண்டேஷன், ஸ்டெபிலைசர், கேபிள் இதற்கெல்லாம் தனி கொட்டேஷன். எங்களுக்கு மெஷின் 24 லட்சம், இந்தச் சில்லறைகள் சேர்ந்து 1 லட்சம், ஆக மொத்தம் 25 லட்சம்.

ஜி.எஸ்.டி.யை இதில் சேர்க்காதீர்கள். 24 லட்சத்துக்கு 18% என்றால் 4.32 லட்சம், அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்வோம். வரவு எடுத்த ஜி.எஸ்.டி. மீது தேய்மானம் கேட்கக் கூடாது, இரண்டில் ஒன்றுதான். ஆனால் அந்தப் பணம் முதல் நாளே வங்கியிலிருந்து போய்விடும், திரும்ப வருவது மாதா மாதம் உங்கள் விற்பனை வரியில் கழிந்துதான். எங்களுக்குக் கழிந்து முடிய நாலு மாதம் ஆனது. லாபக் கணக்கில் இது பெரிதாகத் தெரியாது, நடப்புக் கணக்கில் மட்டும் நன்றாகவே தெரியும், அதற்குத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

## 2. மாறுகிற பணத்தை மட்டும் எழுதுங்கள்

ஒரு தாளில் 'மாற்றினால்', 'மாற்றாவிட்டால்' என்று இரண்டு பத்தி போட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். வாடகை, மச்சானின் சம்பளம், இன்ஷூரன்ஸ் என்று இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பவை தாளுக்குள்ளேயே வர வேண்டாம்.

எங்கள் வீட்டில் நடந்த சண்டை இதில்தான். "போன வருசம்தானே மாப்ள டிரைவ் மாத்தறதுக்கு ஒண்ணே கால் லட்சம் போட்டோம், அதுக்குள்ள விக்கறதா?" என்று மச்சான் கேட்டார். மனசுக்கு வலிக்கிற கேள்விதான், ஆனால் அந்த ஒண்ணே கால் லட்சம் மெஷினை விற்றாலும் விற்காவிட்டாலும் போனது போனதுதான். அது எந்தப் பத்தியிலும் வராது. டிரைவ் புதிதாக இருப்பதால் பழைய மெஷினுக்கு இருபதாயிரம் கூடுதலாகக் கிடைத்தால், அது விற்பனை விலை வழியாக உள்ளே வரும், அவ்வளவுதான்.

வங்கிக் கடனின் மாதத் தவணையையும் இங்கே எழுதாதீர்கள். வட்டியை எங்கே கணக்கில் எடுக்கிறோம் என்பது ஏழாவது படியில் வரும். இரண்டு இடத்திலும் கழித்தால் ஒரே செலவை இரண்டு தடவை கழித்த மாதிரி, நல்ல மெஷின்கூட நஷ்டமாகத் தெரியும்.

எங்களுக்கு வந்த வருடாந்திரச் சேமிப்பு: ஓவர்டைம் குறைவது 1.60 லட்சம், வெளியே ஜாப் வொர்க்குக்கு அனுப்பும் வேலை உள்ளேயே முடிவது 1.40, ரிஜெக்ஷனும் டூலிங்கும் 1.30, பராமரிப்பு 1.20. மொத்தம் 5.50 லட்சம்.

## 3. சேமிப்பில் வரித்துறைக்குப் போவதைக் கழியுங்கள்

என் முதல் தப்பு இங்கே. பழைய மெஷின் 5 லட்சத்துக்குப் போகிறது, ஆகவே நிகரமாக 20 லட்சம் போடுகிறோம், வருடம் 5.50 மிச்சம், மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேலே போட்ட பணம் வந்துவிடும் என்று சந்தோஷமாகப் படுத்துத் தூங்கினேன்.

செலவு 5.50 லட்சம் குறைந்தால் லாபம் அதே அளவு ஏறும், ஏறிய லாபத்துக்கு வரி உண்டு. பங்குதாரர் நிறுவனத்துக்கு 30%, அதன் மேல் 4% செஸ், சேர்த்து 31.2%. (வருமானம் 1 கோடியைத் தாண்டினால் சர்சார்ஜும் உண்டு, எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.) அப்போது கையில் நிற்பது 5.50-ல் 68.8%, அதாவது 3.784 லட்சம்தான்.

இப்போது படம் மாறிவிட்டது. 20 லட்சம் போட்டு வருடம் 3.78 வருகிறது. பின்னால் வருகிற பணத்துக்கு இன்றைக்கு அதே மதிப்பு இல்லை, தள்ளிப்போகிற ஒவ்வொரு வருடத்துக்கும் அதைக் குறைத்துப் பார்க்கிற வீதம்தான் தள்ளுபடி விகிதம். ஆறு வருடத்துக்கு 12% தள்ளுபடி விகிதத்தில் பார்த்தால் அதன் இன்றைய மதிப்பு 15.56 லட்சம். ஆறாம் வருட முடிவில் புதிய மெஷின் 8 லட்சத்துக்குப் போகும் என்று வைத்தேன், பழையதை வைத்திருந்தால் அப்போது காயலான்கடை விலையாக 1 லட்சம், ஆகவே வித்தியாசம் 7 லட்சம். இன்றைய மதிப்பில் அது 3.55. இரண்டும் சேர்த்து 19.1 லட்சம். போடுவது 20. சுமார் 90 ஆயிரம் நஷ்டம், மெஷின் வேண்டாம்! இரண்டாவது தடவை நான் இங்கேயே நிறுத்திவிட்டேன், விற்பனையாளருக்கு போன் செய்து வேண்டாம் என்று சொல்லவும் சொல்லிவிட்டேன்.

வரியைக் கழித்தது சரி, வரியைக் குறைக்கிற தேய்மானத்தைச் சேர்க்க மறந்ததுதான் தப்பு.

## 4. தேய்மானம் பணம் இல்லை, அது மிச்சமாக்கும் வரிதான் பணம்

தேய்மானம் என்று எந்த செக்கும் யாருக்கும் போவதில்லை, அதனால் அதைச் செலவாகப் பணக்கணக்கில் கழிக்கக் கூடாது. ஆனால் வரிக் கணக்கில் அது செலவு. 1 லட்சம் தேய்மானம் கூடினால் வரி 31,200 குறையும், அந்த 31,200 உங்கள் வங்கியிலேயே நிற்கும். வரிக் கவசம் என்று சொல்வது இதைத்தான்: தேய்மானம் பெருக்கல் வரி விகிதம்.

பழைய மெஷினை விற்பதை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் மூன்றாவது தடவை சறுக்கினேன். இணையத்தில் கிடைக்கிற உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பாடப்புத்தகக் கணக்கு. ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக மிச்ச மதிப்பு இருக்கும், அதைவிடக் கூடுதலாக விற்றால் லாபத்துக்கு வரி, குறைவாக விற்றால் நஷ்டத்துக்கு வரிச் சலுகை. நானும் அதே மாதிரி எங்கள் பழைய லேத்தின் மிச்ச மதிப்பைத் தோண்டி எடுத்தேன், சுமார் 2.83 லட்சம் வந்தது. 5 லட்சத்துக்கு விற்கிறோம், 2.17 லட்சம் லாபம், அதற்கு வரி 68 ஆயிரம் என்று எழுதி ஆடிட்டரிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க, மெசின் மெசினா லாபம் பாக்கறதெல்லாம் நம்ம ஊர்ல இல்லீங்க. வித்த பணத்தை மூட்டையில இருந்து கழிச்சுடுவோம், முடிஞ்சுது."

அதாவது இந்தியாவில் விற்ற 5 லட்சமும் பிளாக்கின் மொத்த மதிப்பிலிருந்து கழியும், அன்றைக்கு வரி எதுவும் இல்லை. பதிலாக இனி வரும் வருடங்களில் அந்த 5 லட்சத்துக்கான தேய்மானம் கிடைக்காது. புதிய மெஷினின் 25 லட்சம் பிளாக்கில் ஏறும். ஆக இந்த மாற்றத்தால் பிளாக் கூடுவது 20 லட்சம், கணக்கு முழுக்க இந்த 20-ஐப் பிடித்துக்கொண்டே போகலாம். பழைய மெஷினுக்கு மிச்சம் 2.83-ஆ 6-ஆ என்று தோண்ட வேண்டிய வேலையே இல்லை, அது எதுவாக இருந்தாலும் விற்றாலும் விற்காவிட்டாலும் மூட்டைக்குள்தான் இருந்திருக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, ஒரே ஒரு மெஷின் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். பழையதை மார்ச்சில் விற்றுவிட்டுப் புதியதை ஏப்ரலில் வாங்கினால், மார்ச் 31 அன்று உங்கள் மூட்டையில் ஒரு மெஷினும் இல்லை. அப்போது மிச்ச மதிப்புக்கு மேலே விற்ற தொகை குறுகிய கால மூலதன ஆதாயமாக அந்த வருடமே வரிக்கு வந்துவிடும். எங்கள் எண்களில் அதே 68 ஆயிரம் உண்மையாகவே கட்ட வேண்டியிருக்கும். விற்பதும் வாங்குவதும் ஒரே நிதியாண்டுக்குள் வந்தால் இந்தத் தலைவலி இல்லை.

## 5. வருடத்துக்கு வருடம் தேய்மானத்தை எழுதுங்கள்

மெஷினுக்குச் சாதாரணத் தேய்மானம் 15%, ஒவ்வொரு வருடமும் மிச்ச மதிப்பின் மேல். அதோடு, உற்பத்தித் தொழிலில் புத்தம் புது மெஷின் வாங்கினால் முதல் வருடம் விலையில் 20% கூடுதல் தேய்மானம் உண்டு. செகண்ட் ஹேண்ட் மெஷினுக்கு இந்த 20% கிடையாது, விலை குறைவு என்று அந்தப் பக்கம் போகிறவர்கள் இதையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

எங்கள் திட்டப்படி மெஷின் செப்டம்பருக்குள் ஓட ஆரம்பிக்க வேண்டும். அப்போது முதல் வருடம்: 20 லட்சத்தின் 15% என்றால் 3 லட்சம், 25 லட்சத்தின் 20% என்றால் 5 லட்சம், ஆக 8 லட்சம். 20% கணக்கில் பழைய மெஷினின் 5 லட்சத்தைக் கழிக்கக் கூடாது, அது புதிய மெஷினின் முழு விலை மேல் வருவது. முதல் வருடம் முடிந்ததும் மிச்சம் 12 லட்சம், அதன் மேல் 15%, அப்படியே இறங்கிக்கொண்டே போகும்.

எல்லாம் லட்சத்தில்:

| வருடம் | வரி போகச் சேமிப்பு | கூடுதல் தேய்மானம் | வரிக் கவசம் | கைக்கு வருவது |
|---|---|---|---|---|
| 1 | 3.78 | 8.00 | 2.50 | 6.28 |
| 2 | 3.78 | 1.80 | 0.56 | 4.35 |
| 3 | 3.78 | 1.53 | 0.48 | 4.26 |
| 4 | 3.78 | 1.30 | 0.41 | 4.19 |
| 5 | 3.78 | 1.11 | 0.34 | 4.13 |
| 6 | 3.78 | 0.94 | 0.29 | 4.08 |

ஆறாம் வருடம் முடிந்ததும் வருகிற 7 லட்சத்துக்கும் அதே பிளாக் விதிதான். இந்த மாற்றத்தால் மூட்டையில் அப்போது மிச்சம் இருப்பது 5.32 லட்சம், கழிவது 7 லட்சம், ஆகவே 1.68 லட்சத்துக்கான தேய்மானத்தை அதற்கப்புறம் வருடா வருடம் இழப்போம். இழக்கிற வரிச் சலுகைகளை அன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஒரு குறுக்கு வழி இருக்கிறது: தொகை × வரி விகிதம் × 15% ÷ (15% + தள்ளுபடி விகிதம்). 1.68-க்கு அது 29 ஆயிரம். ஆக கடைசியில் 6.71 லட்சம் என்று எழுதுங்கள். சின்னத் தொகைதான், ஆனால் மெஷின் நல்ல விலைக்குப் போகும் தொழிலாக இருந்தால் இது பெரிதாகும்.

## 6. அக்டோபர் 3-ஐச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்

வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய மெஷினுக்குத் தேய்மானம் பாதிதான். மார்ச் 31-இலிருந்து பின்னால் எண்ணினால் 180 நாள் அக்டோபர் 3-ல் வந்து நிற்கும் (லீப் வருடத்தில் அக்டோபர் 4). இன்வாய்ஸ் தேதியோ லாரி வந்து இறங்கிய தேதியோ இதற்கு எடுபடாது, மெஷின் வேலைக்கு வந்த தேதிதான் கணக்கு.

எங்கள் மெஷின் செப்டம்பர் இரண்டாம் வாரமே பட்டறைக்குள் வந்துவிட்டது. பவுண்டேஷன் காய்ந்தது, லெவல் பார்த்தாகிவிட்டது. ஸ்டெபிலைசர் வரவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று அனுப்புகிறவர் சொல்லிக்கொண்டே இருந்தார், நானும் பிளாஸ்டிக் கவர் பிரிக்காத மெஷினைப் பார்த்துக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அக்டோபர் 9 மாலைதான் முதல் ஷாஃப்ட் ஓடி, மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து ஓகே சொன்னோம். ஆறு நாள்.

விளைவு: புதிய மெஷினுக்கு 15% என்பது 7.5% ஆனது, 1.875 லட்சம். 20% என்பது 10% ஆனது, 2.50 லட்சம். ஆனால் விற்ற பழைய மெஷினின் 5 லட்சம் மட்டும் முழு 15%-க்குக் கழிகிறது, 75 ஆயிரம் போய்விட்டது. இந்தக் கடைசி வரியைப் பலர் கவனிப்பதில்லை. நிகரமாக 3.625 லட்சம், வரிக் கவசம் 1.13 லட்சம். எதிர்பார்த்தது 2.50. செப்டம்பர் 15 அட்வான்ஸ் டாக்ஸை முழுத் தேய்மானத்தை நம்பிக் குறைவாகக் கட்டியிருந்தோம், டிசம்பரிலும் மார்ச்சிலும் சேர்த்து 1.36 லட்சத்தை எடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் இதற்காகத் தலையில் கைவைக்க வேண்டாம். போன பணம் முழுசாகப் போகவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது. பாக்கி 10% கூடுதல் தேய்மானம் அடுத்த வருடம் வரும், சாதாரணத் தேய்மானமும் பெரிய மிச்சத்தின் மேல் ஓடும். இரண்டாம் வருடக் கவசம் 0.56-க்குப் பதில் 1.55 லட்சம். ஆறு வருடத்துக்கும் போட்டுப் பார்த்தால் இன்றைய மதிப்பில் உண்மையான இழப்பு சுமார் 26 ஆயிரம்தான். ஆகவே அக்டோபர் 3-க்குள் ஓட்ட வேண்டும் என்ற அவசரத்தில் பேரம் பேசாமல் 50 ஆயிரம் கூடக் கொடுத்து வாங்குவது முட்டாள்தனம். அதே நேரம் மெஷின் உள்ளே வந்து நிற்கும்போது ஒரு ஸ்டெபிலைசருக்காகக் காத்திருப்பதும் முட்டாள்தனம்தான், நான்தான் சாட்சி. வாடகைக்கு ஒன்று எடுத்திருக்கலாம், தோன்றவே இல்லை.

## 7. இன்றைய மதிப்புக்குக் கொண்டு வாருங்கள்

தள்ளுபடி விகிதம் என்ன வைப்பது? வங்கி வட்டியை அப்படியே வைக்காதீர்கள். எங்களுக்குக் கடன் 10.5%, வட்டிக்கும் வரிச் சலுகை உண்டு என்பதால் நிஜச் செலவு 7.2% பக்கம். கையிலிருந்து போடும் பணத்துக்கு 18%-ஆவது வேண்டும் என்று மச்சான் சொன்னார், நியாயம்தான், பட்டறையில் போட்ட பணம் வங்கி டெபாசிட் இல்லையே. பாதிப் பாதி கலந்தால் 12 சொச்சம், 12 என்று வைத்தோம். வட்டி கணக்கில் வருகிற இடம் இதுதான்.

எக்செல்லில் C1-ல் -20, C2 முதல் C7 வரை ஆறு வருடப் பணம், ஆறாம் வருடத்தோடு 6.71-ஐயும் சேர்த்து 10.79 என்று போட்டுவிட்டு:

```
=NPV(12%,C2:C7)+C1
```

C1-ஐ அடைப்புக்குள்ளே போட்டுவிடாதீர்கள். போட்டால் இன்றைக்குக் கொடுக்கிற 20 லட்சத்தை ஒரு வருடம் கழித்துக் கொடுப்பதாக எக்செல் நினைத்துக்கொள்ளும்.

செப்டம்பரில் ஓடியிருந்தால் விடை சுமார் +2.57 லட்சம். அக்டோபர் 9 கணக்கில் +2.31. தேய்மானத்தை மறந்து போட்டபோது -0.90 வந்தது ஞாபகம் இருக்கிறதா? 'வாங்காதே' என்பதை 'வாங்கு' என்று மாற்றியது முழுக்க முழுக்க அந்த வரிக் கவசப் பத்திதான். விற்பனையாளருக்குத் திரும்ப போன் போட்டபோது அவர் நான் விலை குறைக்கத்தான் நாடகம் ஆடினேன் என்று நினைத்துக்கொண்டார், அதுவும் நல்லதாகப் போயிற்று.

## 8. இந்தக் கவசம் கிடைக்காதவர்களும் உண்டு

மேலே உள்ள எண்களை அப்படியே காப்பி அடிக்காதீர்கள், நீங்கள் எப்படி வரி கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

விற்றுமுதலில் 6% அல்லது 8% லாபம் என்று கணக்குப் புத்தகம் இல்லாமல் அனுமான வரி கட்டுகிறவர்கள்: உங்களுக்குத் தனியாகத் தேய்மானம் கழிக்க வழி இல்லை, அந்த 6-8%-க்குள்ளேயே தேய்மானமும் கழிந்துவிட்டதாகத்தான் சட்டம் பார்க்கும். கவசம் பூஜ்யம். ஆனால் செலவு குறைந்ததால் உங்கள் வரியும் கூடப்போவதில்லை, எனவே மூன்றாவது படியில் 31.2% கழித்ததையும் நீங்கள் கழிக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் கணக்கு கோணலாகும்.

புதிய வரி முறையில் இருக்கும் தனி முதலாளிகளுக்கும், குறைந்த 25.168% விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிகளுக்கும் 15% உண்டு, கூடுதல் 20% கிடையாது. எங்கள் எண்களையே அந்த மாதிரி கம்பெனிக்குப் போட்டுப் பார்த்தேன், +2.77 வந்தது, எங்களைவிடக் கொஞ்சம் கூட! கவசம் சின்னதுதான், ஆனால் வருடாந்திரச் சேமிப்பில் வரித்துறை எடுப்பதும் குறைவு.

நஷ்டத்தில் ஓடும் பட்டறை என்றால், தேய்மானம் வீணாகாது, எத்தனை வருடம் வேண்டுமானாலும் முன்னால் எடுத்துச் செல்லலாம். ஆனால் முதல் வருடத்தில் எழுதின 2.50 லட்சத்தை நீங்கள் லாபம் பார்க்கிற வருடத்துக்குத் தள்ளி எழுத வேண்டும். மூன்று வருடம் தள்ளினாலே அதன் மதிப்பில் கால்வாசிக்கு மேல் கரைந்துவிடும்.

## 9. பில்லில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

கிரேன்காரருக்கும் பவுண்டேஷன் போட்ட மேஸ்திரிக்கும் ரொக்கம் கொடுத்துவிடுவது நம் பழக்கம். சொத்து வாங்கும் கணக்கில் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை மெஷின் விலையில் சேராது, அதற்குத் தேய்மானம் வாழ்நாள் முழுக்க இல்லை. மேஸ்திரிக்கு 38,000 கொடுக்க வேண்டியிருந்தது, ஜி-பே இருக்கிறதா என்று கேட்டேன், அவர் பையன் போனைக் காட்டினார். எங்கள் ஆடிட்டர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

மெஷினுக்கு அரசு மூலதன மானியம் வாங்கினால், அந்தத் தொகையை 25 லட்சத்திலிருந்து கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் தேய்மானம். மானியத்தையும் வரவு வைத்து முழு விலைக்கும் கவசம் போட்ட கணக்கை வங்கிக்கே ஒருவர் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கிய நாளிலிருந்து மெஷின் ஓட ஆரம்பிக்கும் வரை ஓடிய வட்டியும் மெஷின் விலையோடுதான் சேரும், அந்த வருடச் செலவாக நேராகக் கழியாது.

பழைய மெஷினை விற்கும்போது இன்வாய்ஸ் போட்டு 18% ஜி.எஸ்.டி. வசூலிக்க வேண்டும், 5 லட்சத்துக்கு 90 ஆயிரம். 'பில் இல்லாமல் கொடுங்க, நாலரை தர்றேன்' என்று ஒருவர் கேட்டார். பில் இல்லாமல் போனால் பிளாக்கிலிருந்து என்ன கழிப்பது? நீங்கள் வாங்கி அஞ்சு வருடம் ஆகாத மெஷின் என்றால் எடுத்த வரவில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டியும் வரலாம், விலை பேசுவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மெஷின் ஓட ஆரம்பித்த தேதிக்குச் சாட்சி வேண்டும். நிறுவிய இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட கமிஷனிங் ரிப்போர்ட், முதல் பேட்சின் இன்ஸ்பெக்ஷன் தாள், அந்தப் பேட்ச் போன டெலிவரி சலான், மூன்றும் ஒரே ஃபைலில். கமிஷனிங் தாளில் தேதியை நீங்களே எழுதச் சொல்லி வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள், மின்சார ரீடிங்கோடு ஒத்துப்போகாவிட்டால் அப்புறம் பதில் சொல்ல முடியாது. எங்களிடமும் 'அக்டோபர் 3 என்று போட்டுக்கலாமே' என்று ஒரு பேச்சு வந்தது. முதல் சலான் அக்டோபர் 10 என்று சொல்கிறது, விட்டுவிட்டோம்.

## 10. கடைசியாக, எந்த எண் தப்பினால் முடிவு மாறும்?

விலையும் தேய்மானமும் காகிதத்தில் இருக்கின்றன, அவை பெரிதாகத் தப்பாது. தப்பக்கூடியது 5.50 லட்சம் சேமிப்புதான். அதில் 1 லட்சம் குறைந்தால் விடையில் 2.83 லட்சம் குறையும் (68.8%-ஐ ஆறு வருடக் காரணி 4.11-ஆல் பெருக்கினால் வருவது). எங்கள் 2.57 லட்சம் லாபம் காணாமல் போக, வருடச் சேமிப்பு 91 ஆயிரம் குறைந்தால் போதும், 4.59-க்கு வந்தால் சமம்.

வெளியே ஜாப் வொர்க் அனுப்புவதில் மிச்சம் என்று எழுதினேனே 1.40 லட்சம், அது ஒரே ஒரு கஸ்டமரின் ஆர்டரை நம்பி எழுதியது. அந்த ஆர்டர் நின்றால் கணக்கு சிவப்புக்குப் போய்விடும். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் அவர்களிடம் போய் அடுத்த வருட ஷெட்யூலைக் கேட்டேன். ஒரு வருடத்துக்குத்தான் எழுத்தில் கொடுத்தார்கள். மச்சான் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, போடு மாப்ள" என்றார்.